இரண்டு தடவை வந்த பணம்

மாதக் கடைசி வந்தாலே சுமலதாவுக்குக் கழுத்து வலிக்கும். வங்கி ஸ்டேட்மென்டை ஒரு பக்கமும் கடைக் கணக்கை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு, வந்த ஒவ்வொரு தொகையும் எந்த பில்லுக்கு வந்தது என்று பார்த்துப் பார்த்து டிக் அடிக்க வேண்டும். பாண்டுரங்கனின் மோட்டார், பைப் கடை செஞ்சி கடைவீதியில் இருந்தது. கணக்கு எழுத வேறு ஆள் இல்லை. பில் போடுவதும் அவள்தான், பாக்கிக்குப் போன் செய்வதும் அவள்தான். போன் செய்வது மட்டும் அவளுக்குப் பிடிக்காது. எதிர்முனையில் யாராவது எடுத்ததும் சொல்ல வந்தது மறந்துபோகும். அதனால் முடிந்தவரை பில்லைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவாள். பில்லின் கீழேயே ஸ்கேன் செய்கிற கட்டம் இருக்கும். பார்த்துக் கட்டிவிடுவார்கள்.

அன்று முதல் பக்கத்தில் எல்லாம் டிக் ஆகி ஒரு தொகை மட்டும் தனியாக நின்றது. முப்பத்திரண்டாயிரத்து அறுநூறு ரூபாய். அனுப்பியவர் பெயர் இளவரசன்.

தொகையைப் பார்த்ததுமே பில் நினைவுக்கு வந்துவிட்டது. வல்லம் பக்கத்து ஜெயசுதா. ஐப்பசியில் போர் மோட்டார் எரிந்துபோய், நெல் காய்கிறது என்று ஓடிவந்தவள். மோட்டார், கேபிள், ஆறு பைப், எல்லாம் சேர்த்து அந்தத் தொகைதான். மார்க்கெட் கமிட்டியில் நெல் மூட்டை போட்டுப் பணம் வந்ததும் தருகிறேன் என்று சொல்லிக் கடனுக்கு எடுத்துப்போனாள். அவளிடம் இருப்பது பட்டன் போன். அதனால் சென்னையில் கட்டட வேலை செய்யும் வீட்டுக்காரர் இளவரசனின் நம்பரைத்தான் பில்லில் எழுதியிருந்தார்கள். பாக்கி நினைவூட்டல் போட்டோவும் அந்த நம்பருக்குத்தான் போனது.

ஆனால் ஜெயசுதா போன வாரமே நேரில் வந்து ரொக்கமாகக் கட்டிவிட்டாளே. நோட்டுகள் புதுசாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு எண்ண வராமல் இருந்தன. சுமலதா ரசீது போட்டு, பில்லில் 'பைசல்' என்று எழுதி முத்திரை குத்திக் கையில் கொடுத்தாள். பில் முடிந்துவிட்டது. அதற்கு மறுநாள் இந்தப் பணம் வந்திருக்கிறது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. ரொக்கம் வந்தால் காகிதத்தில் பைசல் எழுதுவதுதான் கடைப் பழக்கம். போனுக்கு ஒன்றும் போகாது. காகிதம் வல்லத்துக்குப் போயிற்று. இளவரசனின் போனில் பழைய பாக்கி போட்டோ அப்படியே இருந்தது. அவன் கட்டிவிட்டான்.

"அண்ணே" என்றாள். "ஜெயசுதா அக்கா பில்லுக்கு ரெண்டு தடவ பணம் வந்திருக்குது."

பாண்டுரங்கன் கல்லாப்பெட்டியின் மேல் கையை ஊன்றிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூக்கம் இல்லை, களைப்பு. திங்கட்கிழமை விழுப்புரம் டீலருக்குக் கொடுத்த செக் பாஸாக வேண்டும். ஒரு லட்சத்து எண்பதாயிரம். காலையிலிருந்து மூன்று முறை பேங்க் பேலன்ஸ் கேட்டுவிட்டார்.

"நல்லா பாத்தியா? அவங்க அனுப்பற ஸ்க்ரீன்ஷாட்ட வெச்சு சொல்லாத."

"ஸ்டேட்மென்ட்லயே இருக்குதுண்ணே. நம்ம அக்கவுண்டுக்கு வந்துடுச்சு."

"அந்தப் பணத்தயும் சேத்துத்தான் நான் பேலன்ஸ் பாத்துட்டு இருந்தனா?"

"ஆமாண்ணே."

அவர் கண்ணைத் திறந்தார். பிறகு, "அட்வான்ஸுன்னு போட்டு வெச்சிரு. சொட்டுநீர் பைப் வேணும்னு கேட்டுட்டு இருந்துச்சு அந்தப் பொண்ணு. அடுத்த பில்லுல கழிச்சிக்கலாம்" என்றார்.

"கேக்கலண்ணே. வெல எவ்ளோன்னு மட்டும்தான் கேட்டாங்க."

"வெல கேக்கறவன் நாளைக்கு வாங்கறவன்தான்."

சுமலதா திரையைப் பார்த்தாள். இந்த வரவை எதன் மேல் வைப்பது என்று கம்ப்யூட்டர் கேட்டது. பில்லின் மேல் வைக்க முடியாது, பில்லில் பாக்கி இல்லை. அட்வான்ஸ் என்று வைத்தால், இன்ன சாமான் வேண்டும் என்று அவர்கள் சொல்லிப் பணம் கட்டியதாக ஆகிவிடும். அப்படி யாரும் சொல்லவில்லை. அவள் வெறுமனே கணக்கில் வரவு என்று வைத்தாள். இப்போது ஜெயசுதாவின் பக்கத்தில் கடைதான் அவளுக்குப் பாக்கி. அந்த வரியைப் பார்க்கவே ஒரு மாதிரியாக இருந்தது.

"போன் போட்டுச் சொல்லிடட்டாண்ணே?"

"செவ்வாக்கெழம சொல்லு. செக் பாஸாவட்டும். நாம இன்னா ஏமாத்தவா போறோம்? கணக்குலதான இருக்குது."

அவளுக்கும் போன் செய்ய இஷ்டமில்லை. ஆனால் அவர் சொல்லாதே என்றதும், சொல்லாமல் இருப்பது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. மறுநாள் சனிக்கிழமை மத்தியானம், தூறலில் நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டே ஜெயசுதா கடைப் படி ஏறினாள். பையில் அந்த பைசல் பில் நான்காக மடித்து பிளாஸ்டிக் கவரில் இருந்தது.

"அண்ணே, எங்க ஊட்டுக்காரு நேத்து ராத்திரி போன்ல சொல்றாரு, மோட்டாருக்கு நான் பணம் போட்டுட்டன்னு. எனக்குப் பக்குனு ஆயிடுச்சு. நான் கட்டிட்டன்னு அவருகிட்ட சொல்லவும் முடியல. வந்துச்சா அந்தப் பணம்?"

பாண்டுரங்கன் சுமலதாவைப் பார்த்தார். சுமலதா மேஜையைப் பார்த்தாள்.

"வந்துச்சு தங்கச்சி. உக்காரு மொதல்ல" என்றார் அவர். "பணம் எங்கயும் போவல. உன் பேர்ல வரவு வெச்சிருக்குது. சொட்டுநீர் பைப் கேட்டியே, எடுத்துக்கயேன். உனக்குன்னா வெல கொறச்சிப் போடறன்."

ஜெயசுதா ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"பைப்ப வெச்சி நான் இன்னா பண்றது அண்ணே? எனக்குப் பணமா வேணும். நெல்லு இன்னும் கமிட்டிக்குப் போவல, நான் கட்டுனது குழுக் கடன். முப்பத்தஞ்சாயிரம் எடுத்து, பிடிச்சது போவ கையில வந்தத உங்ககிட்ட அப்படியே கொண்டாந்து குடுத்தன். வாரா வாரம் திங்கக்கெழம சென்டர் கூட்டத்துல கட்டணும். நான் ஒரு வாரம் கட்டலன்னா மத்த பொம்பளைங்க சேந்து கட்டணும், அப்பறம் எங்க வாசல்ல வந்து உக்காருவாளுங்க. முழுசா கட்டி முடிச்சிட்டா மிச்ச வட்டி கெடையாதுன்னு குழு சார் சொல்லிட்டாரு. கொறயறத நான் போட்டு, திங்கக்கெழம கொண்டுபோய்க் கட்டி முடிச்சிட்றன். கையில குடுத்துருங்க."

"அவருக்குக் குழுக் கடன் தெரியாதா?"

"தெரிஞ்சா உட்டுவெப்பாரா? அவங்க அக்கா குழுக் கடன் வாங்கி, மாடெல்லாம் வித்துட்டு நின்னுச்சு. கையெழுத்து போட்டா கைய ஒடச்சிருவன்னு சொல்லியிருக்காரு. பணத்துக்கு இன்னா பண்ணன்னு கேட்டாரு, நெல்லு மேல பாத்துக்கலாம்னு சொல்லி வெச்சிருந்தன். அவரு போடுவாருன்னு நான் கண்டனா?"

மழை கொஞ்சம் வலுத்தது. தகரச் சார்ப்பில் சத்தம் கூடியதால் எல்லோரும் சற்று உரக்கப் பேச வேண்டியிருந்தது.

பாண்டுரங்கன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "தங்கச்சி, உண்மைய சொல்லிட்றன். திங்கக்கெழம எனக்கு ஒரு செக்கு இருக்குது. அது வரைக்கும் பொறுத்துக்க. செவ்வாக்கெழம பாத்துக்கலாம். இல்ல, சாமானா எடுத்துக்க, ரெண்டு பேருக்கும் நல்லது."

"திங்கக்கெழமதான் அண்ணே எனக்கும்."

ஜெயசுதா எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மேலே பார்த்தாள். பரணில் பச்சை நிற அட்டைப்பெட்டிகள் வரிசையாகக் கூரை வரை அடுக்கியிருந்தன. தூசு படிந்து, ஓரங்கள் எலி கடித்திருந்தன.

"அது இன்னாண்ணே, அவ்ளோ பெட்டி? மருந்து தெளிக்கற மிஷினா?"

"ஆமா."

"யாரும் வாங்கறதில்லயா?"

"ஒருத்தனும் சீண்டல. மூணு மாசத்துல நாசில் போயிடும்."

"அப்பறம் எதுக்கு அவ்ளோ வாங்குனீங்க?"

"நான் எங்க வாங்குனன்" என்றார் பாண்டுரங்கன். குரலில் சட்டென்று சூடு ஏறியது. "போன வருசம் ஒரு கம்பெனிக்கு ஒரே பில்லுக்கு ரெண்டு தடவ பணம் போயிடுச்சு. நான் ஒரு தடவ போட்டன், எங்க ஊட்டுப் பையன் ஒரு தடவ போட்டான். திருப்பிக் குடுங்கடான்னு கேட்டா, சார், உங்க கணக்குல கிரெடிட்டா இருக்குது, சாமானா எடுத்துக்கங்கன்றான். எனக்கு வேணுங்கற சாமான் ஸ்டாக் இல்லயாம். அலஞ்சி அலஞ்சி பாத்தன். கடசில அவனுக்குப் போவாத சரக்க வண்டியில ஏத்தி அனுப்பிட்டான். இதுதான் அந்த..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றுவிட்டார்.

ஜெயசுதா எதையும் குத்திக் காட்டவில்லை. அவளுக்கு அந்தத் தெம்பும் இல்லை. "பாவம்" என்று மட்டும் சொன்னாள். பெட்டிகளைச் சொன்னாளா அவரைச் சொன்னாளா என்று தெரியவில்லை.

பாண்டுரங்கன் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். போனை எடுத்து விழுப்புரத்துக்குப் போட்டார். "சார், பாண்டுரங்கன், செஞ்சி... ஆமா சார்... அந்தச் செக்க ரெண்டு நாள் கழிச்சிப் போட முடியுமா... இல்ல சார், எப்பவும் இப்டி கேட்டதில்ல சார்... புதங்கெழம கட்டாயம் சார்... சரி சார். சரி சார்." நாலைந்து 'சார்' அதிகமாகவே சொன்னார். போனை வைத்தபோது காது சிவந்திருந்தது.

"சரி, எழுதிக் குடுத்திரு சுமலதா. கல்லாவுல எவ்ளோ இருக்குதுன்னு பாரு, மிச்சம் நான் ஏடிஎம்ல எடுத்தாறன். ரொக்கமா வாங்கிக்கட்டும்."

சுமலதா வாய் திறக்க வேண்டிய இடம் இதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. பேசாமல் இருந்துவிட்டால் எல்லோருக்கும் சுலபம்.

"அண்ணே, ரொக்கமா குடுக்கக் கூடாது" என்றாள். மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னாள்.

"ஏன்?"

"அக்கா கட்டுன பணம் பில்லுக்குப் போயிடுச்சு. அதிகமா நிக்கறது அவங்க ஊட்டுக்காரு அக்கவுண்டுலேருந்து வந்தது. நாம கையில குடுத்துட்டா, நாளைக்கு அவரு பேங்குல போய் ரெண்டு தடவ போயிடுச்சுன்னு புகார் குடுத்தா, நாம திருப்பி அனுப்புனதுக்கு ஒரு ஆதாரமும் இல்ல. எங்கேருந்து வந்துச்சோ அங்கயேதான் போவணும்."

ஜெயசுதாவின் முகம் மாறியது. "பாப்பா, நான் பொண்டாட்டி பாப்பா. பில்லு என் பேருல இருக்குது."

"தெரியுதுக்கா."

"அவருகிட்ட போச்சின்னா எதுக்கு திரும்பி வந்துச்சுன்னு கேப்பாரு. நான் இன்னா சொல்றது? எனக்கு அடியும் ஒதையும்தான் வாங்கி வெக்கப் போற நீ."

சுமலதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தான் சொன்னது சரி என்பது அவளுக்கு ஒரு உதவியும் செய்யவில்லை.

"அவரே சொல்லட்டும் தங்கச்சி" என்றார் பாண்டுரங்கன். "உன்கிட்ட குடுக்கச் சொல்லி அவரு நம்பர்லேருந்து ஒரு மெசேஜ் போட்டாருன்னா குடுத்துட்றன். அது போதும் எனக்கு. போன் போடலாமா?"

ஜெயசுதா நிறைய நேரம் பில் கவரை மடித்து மடித்துப் பிரித்தாள். பிறகு, "போடுங்க. எப்பயாவது தெரியத்தான போவுது" என்றாள். "எனக்கும் மறச்சி மறச்சி அலுத்துப் போச்சி."

கடைப் போனை ஸ்பீக்கரில் வைத்தார்கள். இளவரசன் எடுத்தபோது பின்னால் இரும்பு வெட்டும் மிஷின் இரைந்தது.

"யாரு?"

"நான்தான், ஜெயா. மோட்டார் கடையிலேருந்து பேசறன்."

"இன்னாமே, மோட்டாரு திரும்பப் போயிடுச்சா?"

"மோட்டாரு நல்லா ஓடுது. பணந்தான் ரெண்டு தடவ போயிடுச்சு. நீ போடறதுக்கு முன்னாடியே நான் கட்டிட்டன்."

மிஷின் சத்தம் தூரமாயிற்று. அவன் நடந்து வெளியே வந்திருக்க வேண்டும்.

"உனுக்கு ஏது அவ்ளோ பணம்?"

அவள் பில் கவரைப் பையில் திணித்தாள். அவனுக்கே விளங்கிவிட்டது.

"குழுவா?"

"ஆமா."

பாண்டுரங்கன் எழுந்து வாசல் பக்கம் போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சுமலதாவுக்குப் போக இடமில்லை. ரசீதுப் புத்தகத்தைத் திறந்து ஒன்றுமில்லாத பக்கத்தைப் பார்த்தாள். இளவரசன் கத்துவான் என்று மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

"சொல்லியிருக்கலாமில்ல" என்றான் அவன். அவ்வளவுதான். கத்தக்கூட அவனிடம் ஒன்றும் மிச்சமில்லாத குரல்.

"நீ எங்கேருந்து போட்ட?" என்று அவள் கேட்டாள். "போன மாசம் ஐயாயிரம்கூட இல்லன்ன."

"மேஸ்திரிகிட்ட முன்பணம் வாங்கினன்."

"வட்டி எவ்ளோ?"

"வட்டியெல்லாம் இல்ல. ஆளத்தான் கேக்கறாரு. வேல செஞ்சி கழியற வரைக்கும் ஊருக்குப் போவக் கூடாது. தை தாண்டிடும்."

ஜெயசுதா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஒரு மோட்டாருக்கு ரெண்டு கடன். திரும்பி வருகிற பணம் ஒன்றைத்தான் அடைக்கும்.

"கடக்கார அண்ணன் கேக்கறாரு, பணத்த யாருகிட்ட குடுக்கறதுன்னு. உன் அக்கவுண்டுக்கு அனுப்பணுமா, இல்ல என் கையில குடுக்கச் சொல்லி நீ மெசேஜ் போடுவியான்னு."

"உன் கையிலயே குடுக்கச் சொல்லு. குழுவ மூடு. அதான் எனக்கு பயம்."

ஜெயசுதா வாயைத் திறந்து, சரி என்று சொல்லப்போய் நிறுத்திக்கொண்டாள். அவள் எதையோ மனதில் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தது உதட்டசைவில் தெரிந்தது.

"த்ரீ பேஸ் கரண்டு ராத்திரிதான் வருது" என்றாள் மெல்ல. "மடை திருப்ப ஆள் கூப்புட்டா, ஒரு தடவைக்கு ஐந்நூறு கேக்கறான், ஒரு குவாட்டரும் கேக்கறான். நானே போலாம்னா புள்ளைங்கள தனியா உட்டுட்டுப் போவ முடியல. மோட்டாரு ஓடுது, தண்ணி கொட்டுது, வயல் பாதி காஞ்சி கெடக்குது. அடுத்தது மணிலாக்கொட்டை வெதைக்கணும். குழு வட்டி அந்தக் கூலியவிட கம்மியாத்தான் வரும்."

"அதுக்கு?"

"அதுக்கு நீ வந்துரு. பணம் உனுக்கே வரட்டும். மேஸ்திரி கையில குடுத்துட்டு பஸ் ஏறு. குழுவ நான் வாரா வாரம் கட்டிக்கிறன். மொத வாரம் கட்டல?"

"கட்டிடுவியா?"

"நீ ராத்திரி மடை பாத்தின்னா, நான் பகல்ல கூலிக்குப் போவன். கட்டிடுவன்."

"சரி, வரன்" என்றான் இளவரசன். "எங்க அக்காகிட்ட சொல்லாத, குழுவ."

"நான் எதுக்கு சொல்றன்."

பாண்டுரங்கன் திரும்பி வந்து உட்கார்ந்தார். ஸ்டேட்மென்டில் இருந்த இளவரசனின் யூபிஐ ஐடியை சுமலதா படிக்க, அவர் தன் போனில் ஒவ்வொரு எழுத்தாக அழுத்தினார். பெயர் வந்தது. இருந்தாலும் முதலில் ஒரு ரூபாய் மட்டும் அனுப்பினார். அது அவர் வழக்கம். கம்பெனிக்காரனிடம் அடிபட்ட பிறகு வந்த வழக்கம்.

"ஒரு ரூபா வந்துச்சா தம்பி?"

"வந்துடுச்சுண்ணே."

"பேர் இன்னா காட்டுது, கட பேரா?"

"கட பேருதான்."

மிச்சம் முப்பத்திரண்டாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதையும் அனுப்பிவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "போயிடுச்சு" என்றார். நிம்மதி மாதிரி இல்லை. பாரத்தை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றியவர் மாதிரி இருந்தார்.

சுமலதா இரண்டு வரியாக எழுதினாள். ஒரு ரூபாய், பிறகு மீதி. ஜெயசுதாவின் கணக்கில் யாரும் யாருக்கும் பாக்கி இல்லை என்று திரை காட்டியது. குழுவுக்கு அவள் கட்ட வேண்டியது இந்தத் திரையில் வராது.

ஜெயசுதா எழுந்தாள். படி வரை போய்த் திரும்பி வந்தாள். "மறந்தே பூட்டன். வயல்ல பைப்பு ஜாயின்ட் ஒழுவுது. ஒரு கிளாம்பு குடுங்க. எவ்ளோ?"

"நாப்பது ரூபா."

"வரவுல கழிச்சிக்குங்க."

"வரவு ஏது? இப்பதான வாரி உட்டன். காசு குடு" என்றார் பாண்டுரங்கன்.

அவள் சிரித்தாள். வந்ததிலிருந்து அப்போதுதான் சிரித்தாள். இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து நான்கு பத்து ரூபாய் நோட்டை எண்ணி வைத்தாள்.

"பாப்பா, இத மொதல்ல அவருக்குப் போன்ல அனுப்பிடு. இல்லன்னா இந்த நாப்பதயும் அவரு ஒரு தடவ கட்டிடுவாரு."

"சரிக்கா."

"நான் கோவத்துல இன்னா சொன்னாலும் மனசுல வெச்சிக்காத."

சுமலதா தலையை மட்டும் ஆட்டினாள். ஜெயசுதா கிளாம்பைப் பையில் போட்டுக்கொண்டு, தூறலிலேயே பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள்.

சுமலதா கிளாம்பு பில்லில் பைசல் என்று எழுதி முத்திரை குத்திப் போட்டோ எடுத்தாள். அதோடு பழைய மோட்டார் பில்லின் கடைப் பிரதியையும் பைசல் எழுத்து தெரிகிற மாதிரி இன்னொரு போட்டோ எடுத்து, இரண்டையும் இளவரசனுக்கு அனுப்பினாள்.

"இனிமே ரொக்கம் வந்தாலும் போனுக்கு அனுப்பிடு" என்றார் பாண்டுரங்கன், கண்ணை மூடிக்கொண்டே.

"அனுப்பிட்டண்ணே."

அவள் ஸ்டேட்மென்டின் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். டிக் அடிக்க இன்னும் நிறைய இருந்தது.